தள்ளுவண்டிக் காய்கறி வியாபாரம்: படிப்பு குறைந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னை வில்லிவாக்கம் பக்கத்துத் தெருக்களில் 22 ஆண்டுகள் காய்கறி விற்றேன். முதல் மூன்று ஆண்டுகள் தலைக்கூடை, பிறகு தள்ளுவண்டி, இப்போது ஒரு சிறிய கடை. படித்தது நான்காம் வகுப்பு. இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களை என் மகள் எழுதித் தந்தாள். காய்கறி விலை நாளுக்கு நாள் மாறும். இங்கே வரும் விலைகள் கணக்கு விளங்குவதற்காகச் சொன்னவை.

அக்கா, எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பு இல்லை. ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டேன், யாரிடமும் பேசிப் பழகுவேன், உடம்பு வணங்கும். என்ன தொழில் செய்யலாம்?

காய்கறி வண்டியைத்தான் முதலில் சொல்வேன். விடியற்காலையில் வாங்கிய சரக்கு பெரும்பாலும் அன்று மதியத்துக்குள் காசாகிவிடும். லாபமா நட்டமா என்பது அன்றைக்கே கையில் தெரிந்துவிடும். பில், ஒப்பந்தம், மாதக் கணக்கு என்று எழுத்து வேலை எதுவும் குறுக்கே வராது. தவறு செய்தாலும் ஒரு நாள் முதலோடு போகும்.

பூ வியாபாரமும் இதே போலத்தான். ஆனால் மாலைக்குள் விற்காத மல்லிகை மறுநாள் காசு பெறாது. மீனுக்கு ஐஸ் வேண்டும், சுத்தம் செய்து வெட்டித் தரும் கை வேண்டும். இட்லிக் கடைக்கு அடுப்பும் துணைக்கு ஓர் ஆளும் இல்லாமல் முடியாது. காய்கறியில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் சில நாள் தாங்கும், கீரை அன்றே போக வேண்டும். தாங்குவதையும் தாங்காததையும் கலந்து எடுக்கலாம் என்பதால் கற்றுக்கொள்ளும் காலத்தில் அடி பலமாக விழாது.

கோயம்பேட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்? தாமதமாகப் போனால் விலை குறையும் என்கிறார்களே?

குறையும், உண்மைதான். கொத்தவால் சாவடியில் இருந்த மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்கு வந்தது. இரவு முழுக்க லாரிகள் வந்து இறங்கும். தெருவில் விற்பவர்கள் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் வாங்கிவிடுவார்கள். ஏழு எட்டு மணிக்கு மேல் மீதியைத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் மண்டிக்காரர் விலையை இறக்குவார். ஆனால் அதற்குள் நல்ல சரக்கை வேறு யாரோ பொறுக்கிப் போயிருப்பார்கள். அந்தச் சரக்கை ஏற்றிக்கொண்டு நீங்கள் தெருவுக்கு வரும்போது மணி ஒன்பதரை, பத்து ஆகிவிடும். வேலைக்குப் போகும் வீடுகளில் குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும். விலையில் மிச்சம் பிடித்த காசு விற்காத சரக்கில் போகும். எல்லாச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு மணிக்கு வாங்குவதே மலிவு.

முதல் பத்து நாள் எதுவும் வாங்காமல் ஒரு பழைய வியாபாரியோடு போய்வாருங்கள். அவர் சரக்கைத் தூக்கிக் கொடுங்கள். எந்தக் கடையில் என்ன வரும், யார் மூட்டையில் எடை சரியாக நிற்கும், யாரிடம் பேரம் படியும் என்பதெல்லாம் அந்தப் பத்து நாளில் பிடிபடும். உங்கள் நினைவாற்றலுக்கு அங்கேதான் முதல் வேலை. மூன்று கடையில் ஒரே காயின் விலையைக் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டு, நான்காவது கடையில் நின்று பேச வேண்டும்.

போக்குவரத்துக்குத் தனி வண்டி பிடிக்காதீர்கள். உங்கள் பக்கத்துத் தெருக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரு குட்டியானை வண்டி போதும். வாடகையை மூட்டைக் கணக்கில் பிரித்துக்கொள்வார்கள்.

நல்ல காயை எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குச் சமைக்கத் தெரியும், மொத்தமாக வாங்கித் தெரியாது.

சமைக்கத் தெரிந்தாலே பாதி தெரிந்தமாதிரி. வெண்டைக்காய் நுனியை ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றல். பீன்ஸும் அப்படியே. கத்தரிக்காயின் காம்புத் தொப்பி பச்சையாகவும் தோல் மினுமினுப்பாகவும் இருக்க வேண்டும். சிறு துளை தெரிந்தால் உள்ளே புழு. வெங்காயத்தின் கழுத்தை அழுத்திப் பாருங்கள். அது ஈரமாக, மெத்தென்று இருந்தால் இரண்டு நாளில் மூட்டை முழுக்க நாற்றம் எடுக்கும்.

இவற்றை வீட்டிலேயே பழகியிருப்பீர்கள். மொத்தச் சந்தையில் புதிதாகப் பழக வேண்டியது பெட்டியின் அடியைப் பார்ப்பது. மேல் வரிசையில் இருக்கும் காய் யாருடைய பெட்டியிலும் அழகாகத்தான் இருக்கும். கையை ஓரமாக உள்ளே விட்டு அடியைத் தொடுங்கள். கை ஈரமாக வந்தால் கீழே நசுங்கியிருக்கிறது. அடியைக் கொட்டிக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

தக்காளி கிலோ 25க்கு வாங்கி 40க்கு விற்கிறேன். கிலோவுக்கு 15 ரூபாய் நிற்க வேண்டும். மாலையில் கையில் ஒன்றுமே இல்லை. எங்கே போகிறது?

நான் முதல் ஆண்டு முழுக்க அழுத அழுகை இது. ஒரு பெட்டியை எடுத்துக் கடைசிவரை பார்ப்போம்.

பெட்டியில் 14 கிலோ. 25 ரூபாய் வீதம் 350. சுமைக்கூலியும் வண்டிப் பங்கும் 20. ஆக 370 ரூபாய் போட்டிருக்கிறீர்கள். பதினான்கையும் 40க்கு விற்றால் 560 வரும் என்று மனம் கணக்குப் போடும். ஆனால் வீட்டில் கொட்டிப் பொறுக்கும்போதே ஒன்றரைக் கிலோ நசுங்கலும் அழுகலுமாகக் கழியும். எடை போடும்போது தட்டு சற்றுச் சாய்ந்துதான் நிற்கும். சாயாமல் நிறுத்தால் மறுநாள் அந்த வீட்டில் கதவு திறக்காது. அதில் அரைக் கிலோ. மீதி 12 கிலோ. காலையில் 7 கிலோ 40 ரூபாய்க்குப் போனால் 280. பத்தரை மணிக்கு மேல் கேட்பவர்கள் விலை குறைத்துக் கேட்பார்கள், 3 கிலோ 35 ரூபாய்க்குப் போனால் 105. கடைசி 2 கிலோ பழுத்துக் குழைந்து, தெருமுனை மெஸ்ஸுக்கு 20 ரூபாய்க்குப் போனால் 40. மொத்தம் 425. நீங்கள் 210 ரூபாய் நிற்கும் என்று நினைத்த பெட்டியில் நின்றது 55 ரூபாய்.

விற்கும் விலையைக் கூட்டினால் சரியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் கண்ட வழி வேறு. பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பாதி செங்காயாக, அதாவது முழுதாகப் பழுக்காமல் சற்றே சிவந்ததாகப் பார்த்து எடுங்கள். கழிவு அரைக் கிலோவோடு நிற்கும். எடைச் சாய்வு அதே அரைக் கிலோ. மீதி 13 கிலோ. பொறுக்கிய காய் பளிச்சென்று இருப்பதால் காலையில் 8 கிலோ 40க்குப் போகும், அது 320. மூன்று கிலோ 35க்கு, 105. மீந்த 2 கிலோ குழையாமல் மறுநாள் காலை 40க்கே போகும், 80. மொத்தம் 505. அதே விலைக்கு வாங்கிய பெட்டியில் 135 ரூபாய் நிற்கிறது.

காகிதம் இல்லாமல் விலை வைக்க எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தக்காளியைப் போல் நசுங்குகிற காய்க்கு, பத்து ரூபாய்க்கு வாங்கியதைப் பதினாறுக்குக் குறைந்து தொடங்க மாட்டேன். வெங்காயம், உருளைக்குப் பதின்மூன்று போதும், கழிவு குறைவு. கீரைக்கட்டை இரண்டு மடங்கு வைப்பேன், ஏனென்றால் மதியத்துக்குப் பிறகு மீந்தது மாட்டுக்குத்தான். இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டால் வழக்கமான விலைக்கெல்லாம் பொருந்தும்.

தக்காளி 100 ரூபாய்க்கு ஏறிவிட்டால் என்ன செய்வது? மக்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

அப்போது மேலே சொன்ன பத்துக்குப் பதினாறு என்ற கணக்கை விட்டுவிடுங்கள். 100க்கு வாங்கி 160 சொன்னால் தெருவே எதிரியாகும். கிலோவுக்கு வழக்கமாக எத்தனை ரூபாய் நிற்குமோ அதைவிடச் சற்றுக் கூட்டி வையுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்டியாக வாங்காமல் மூன்று நான்கு கிலோ பொறுக்கி வாங்குங்கள், அழுகினால் ஒவ்வொரு பழமும் காசு. விலையைக் கால் கிலோவுக்குச் சொல்லுங்கள். அந்த நாட்களில் பெரும்பாலானவர்கள் வாங்குவதே கால் கிலோதான். "இன்றைக்குப் புளி கூட ஊற்றிக்கொள்ளுங்கள் அம்மா, கால் கிலோ போதும்" என்று நான் சொல்லியிருக்கிறேன். விலை இறங்கிய வாரம் அவர்களே இரண்டு கிலோ வாங்கினார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இது அடிக்கடி நடக்கும். மழை நாளில் சரக்கைப் பாதியாகக் குறைத்து எடுங்கள்.

ஞாபக சக்தி இந்தத் தொழிலில் உண்மையில் எதற்கு உதவும்? விலை மட்டும் தெரிந்தால் போதாதா?

விலை எல்லோருக்கும் தெரியும். எந்த வீட்டில் என்ன சமைப்பார்கள் என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்தால் அந்த வீடு உங்களுடையது.

என் வண்டிக்கு எழுபது வீடுகள் வரை வழக்கம். ஒரு வீட்டில் பாட்டிக்குப் பல் இல்லை, பிஞ்சுக் கத்தரிக்காய்தான் வேண்டும். எதிர்வீட்டில் சர்க்கரை நோய், பாகற்காய் வந்தால் முதலில் அங்கே காட்ட வேண்டும். மூன்றாம் மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கும் அம்மா கீழே வந்து பொறுக்க முடியாதவர். அவருக்கு நான் பொறுக்கிப் போடும் காயில் ஒரு சொத்தை இருந்தாலும் அந்தக் கூடை பிறகு இறங்காது. அதனால் எனக்கே எடுத்துக்கொள்வது போல் பொறுக்குவேன்.

நாள் கணக்கும் நினைவில் நிற்க வேண்டும். அமாவாசைக்கு வாழைக்காயும் பூசணியும் கூடுதலாக எடுக்க வேண்டும். சில வீடுகளில் திதி நாளில் காரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் சேர்க்க மாட்டார்கள். அவரை, புடலை, வாழைக்காய், சேப்பங்கிழங்கு கேட்பார்கள். அப்பாவுக்குத் திதி என்று ஒருமுறை அவர்கள் சொன்னதை நினைவில் வைத்து, அடுத்த ஆண்டு அந்த மாதம் வந்ததும் "அம்மா, அப்பா திதி இந்தப் பக்கம்தானே வரும், என்றைக்கு என்று சொன்னால் காய் எடுத்து வருகிறேன்" என்று கேட்டிருக்கிறேன். அதன் பிறகு அந்தக் குடும்பம் வேறு யாரிடமும் வாங்கியதில்லை. புரட்டாசி முழுக்க அசைவம் சாப்பிடாத வீடுகள் எவை, கார்த்திகையில் மாலை போடுபவர் யார் என்று தெரிந்தால் அந்த வீடுகளுக்கு எவ்வளவு கூடுதலாக எடுப்பது என்பதும் தெரியும்.

எப்படி நினைவில் வைப்பது என்று கேட்பார்கள். நான் தெரு வரிசையில் வைப்பேன். வண்டி முதல் வீட்டில் தொடங்கிக் கடைசி வீட்டில் முடியும். சந்தையில் நிற்கும்போது கண்ணை மூடி அதே தெருவில் மனத்தால் ஒருமுறை நடப்பேன். ஒவ்வொரு வாசலிலும் என்ன கேட்பார்கள் என்பது வந்து நிற்கும். அதுதான் என் வாங்கல் பட்டியல். இதற்காகவே வழியை நான் மாற்றுவதில்லை. வரும் நேரத்தையும் மாற்றாதீர்கள். ஏழேகாலுக்கு வண்டி வரும் என்று தெரிந்தால் கடைக்கு ஆள் அனுப்பாமல் காத்திருப்பார்கள்.

கடன் கேட்கிறார்கள். எழுதத் தெரியாது. எழுபது வீட்டுப் பாக்கியை மனத்தில் வைக்க முடியுமா?

வேண்டாம். நினைவாற்றலை நம்பக் கூடாத ஒரே இடம் இதுதான். உங்களுக்குச் சரியாகவே நினைவிருக்கும், எதிரில் இருப்பவருக்கு வேறு விதமாக நினைவிருக்கும். முப்பது ரூபாய்க்காக எட்டு ஆண்டுப் பழக்கம் உள்ள ஒரு வீட்டை நான் இழந்திருக்கிறேன். அந்த முப்பது ரூபாயை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு இரண்டு வழக்கம் வைத்தேன். முதலாவது, கணக்கை வாங்குபவரே அவர் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியில் எழுதுவார். நான் தொகையை வாய்விட்டுச் சொல்வேன், அவர் எழுதுவதைப் பார்ப்பேன். எண்கள் படிக்கத் தெரிந்தால் போதும். இரண்டாவது, தெருவைத் தாண்டுவதற்குள் கைப்பேசியில் என் குரலிலேயே பதிவுசெய்வேன்: "பச்சைக் கேட் வீடு, இன்று எண்பது, பழையது நாற்பது, ஆக நூற்றிருபது." இரவில் கேட்டால் எல்லாம் வந்துவிடும்.

ஒரு வீட்டுக்கு 200 ரூபாய்க்கு மேல் பாக்கி ஏறவிட மாட்டேன். 3,000 ரூபாய் முதலில் பத்து வீட்டுக்கு 200 வீதம் நின்றால், நாளைச் சந்தைக்குப் போகக் கையில் ஆயிரம்தான் இருக்கும். இதை அப்படியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். "நாளைக்கு முதலுக்கு வேண்டும் அம்மா" என்று சொன்னால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

முதலுக்குப் பணம் இல்லை. தண்டல்காரர் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

இதை நிதானமாகப் படியுங்கள், அல்லது யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்தத் தொழிலில் உழைத்தும் மேலே வராதவர்களில் பெரும்பாலானவர்களை நான் இந்த இடத்தில்தான் பார்த்தேன்.

தண்டலில் 10,000 என்று பேசி 8,500ஐக் கையில் தருவார்கள். நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 1,500தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே நீங்கள் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஐம்பதாம் நாள் பாதிக் கடன் தீர்ந்திருக்கும். அப்படிப் பார்த்தால் நூறு நாளும் சராசரியாக உங்கள் கையில் இருந்தது நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு 1,500 வட்டி. நூறு ரூபாய்க்கு மூன்று மாதச் சொச்சத்தில் 35 ரூபாய்.

இதைவிடக் கொடியது, காலையில் வாங்கி மாலையில் கொடுக்கும் கடன். ஆயிரத்துக்கு ஐம்பது. 3,000 வாங்கினால் அன்று மாலை 3,150 தர வேண்டும். நாள் முழுக்க வண்டி தள்ளி 600, 700 நிற்கிற இடத்தில் 150 அங்கே போகும். பல ஆண்டுகள் தினமும் இப்படி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஐந்து ஆண்டு நானும் வாங்கினேன்.

அதிலிருந்து வெளியே வந்த வழியைச் சொல்கிறேன். ஒரு நாள் 15 ரூபாயைத் தனி டப்பாவில் போட்டேன். அப்போது இரண்டு தேநீர்க் காசு. மறுநாள் 3,000க்குப் பதில் 2,985 வாங்கினேன். வட்டியில் முக்கால் ரூபாய் குறைந்தது. அன்றும் 15 ரூபாய், அதோடு குறைந்த வட்டிக் காசையும் டப்பாவில் சேர்த்தேன். பத்தாம் நாள் டப்பாவில் ஏறக்குறைய 190 ரூபாய்தான். மனம் சோர்ந்துபோகும் இடம் அது. 25ஆம் நாள் 700ஐத் தாண்டியது. 40ஆம் நாள் 1,800. வட்டி குறையக் குறைய டப்பாவில் விழும் காசு கூடிக்கொண்டே போகும். 50ஆம் நாள் 3,000 சேர்ந்துவிட்டது. அடுத்த நாள் கடன் வாங்காமல் சந்தைக்குப் போனேன். அதுவரை வட்டிக்குப் போன 150 ரூபாய் அன்று மாலை வீட்டுக்கு வந்தது.

அந்த டப்பாவைப் பிள்ளையின் காய்ச்சலுக்குக்கூடத் தொடக் கூடாது என்று சொல்ல மாட்டேன், தொட வேண்டிய நாள் வரும். தொட்டால் மறுநாள் மறுபடி 15 ரூபாயில் தொடங்குங்கள்.

மண்டிக்காரர் சரக்கைக் கடனாகத் தருவதும் உண்டு. வட்டி என்று பெயர் சொல்ல மாட்டார். கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூட இருக்கும், கடன் நிற்கும்வரை அவர் தரும் காயைத்தான் எடுக்க முடியும். அவசரத்துக்கு ஒரு நாள் சரி.

அரசுக் கடன் கிடைக்குமா? என்னிடம் எந்தச் சான்றிதழும் இல்லை.

சாலையோர வியாபாரிகளுக்கென்று பிரதமரின் ஸ்வநிதி திட்டம் 2020இல் வந்தது. பிணையம் கேட்கமாட்டார்கள். முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது, 2025இல் அதை 15,000 ஆக்கினார்கள். அதை ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, அதற்கடுத்து 50,000. தவணை தவறாமல் கட்டினால் ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டியை அரசு உங்கள் வங்கிக் கணக்கில் திருப்பிப் போடும்.

ஆதார் அட்டையும், அதோடு இணைந்த கைப்பேசி எண்ணும், வங்கிக் கணக்கும் வேண்டும். சாலையோர வியாபாரி என்ற மாநகராட்சி அடையாள அட்டை இருந்தால் நேராக வேலை நடக்கும். இல்லாதவர்கள் மாநகராட்சியிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். விண்ணப்பத்தை நிரப்ப இடைத்தரகருக்குக் காசு தராதீர்கள். பொதுச் சேவை மையத்திலோ உங்கள் கணக்கு உள்ள வங்கியிலோ செய்து தருவார்கள்.

கடன் வந்ததும் வண்டி வாங்கிவிடாதீர்கள். வண்டி வாடகைக்குக் கிடைக்கும். முதலில் காலைக் கடனை ஒழியுங்கள், மீதியைச் சரக்கில் போடுங்கள்.

வண்டியை நிறுத்தக் கூடாது என்று விரட்டுகிறார்கள். தராசையும் காயையும் தூக்கிப்போனால் திரும்ப வருமா?

சாலையோர வியாபாரிகளுக்கு 2014இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. கணக்கெடுத்து, விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். ஓர் இடத்திலிருந்து மாற்ற வேண்டுமென்றால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதித் தர வேண்டும். கட்டணம் கட்டிக் கேட்டால் காய்கறி போன்ற அழுகும் பொருளை அதே நாளிலும் மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள்ளும் திருப்பித் தர வேண்டும். பட்டியலைக் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது.

சட்டம் இருந்தும் சிரமம் வரும். ஒரே இடத்தில் நிற்காமல் தெருவுக்குள் நகர்ந்துகொண்டே விற்பவர்களுக்கு அது குறைவு. பள்ளி வாசல், பஸ் நிறுத்தம், ஆம்புலன்ஸ் நுழையும் வழி ஆகிய இடங்களில் நானாகவே நிறுத்த மாட்டேன்.

தராசு பற்றி ஒரு சொல். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் துறையின் முத்திரை வேண்டும். முத்திரை இல்லாமல் பிடிபட்டால் அபராதம் பல நாள் லாபத்தைத் தின்றுவிடும்.

எல்லோரும் கைப்பேசியில் பணம் அனுப்புகிறார்கள். எனக்குப் படிக்கத் தெரியாதே?

பணம் வந்ததை வாய்விட்டுத் தமிழில் சொல்லும் ஒலிப்பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி சொன்னால்தான் காய் கைமாறும். அனுப்பிவிட்டேன் என்று காட்டும் திரையை நம்பாதீர்கள், பழைய படத்தைக் காட்டியவர்கள் உண்டு. பணம் பெறுவதற்கு உங்கள் ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. யாராவது கேட்டால் அவர் திருட வந்திருக்கிறார்.

கொசுறு கேட்டுத் தொல்லை செய்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?

கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொடுங்கள். அதைத் தொல்லை என்று நினைக்காமல் அன்றைய செலவில் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். நான் நாளுக்கு 40, 50 ரூபாய் அளவுக்குக் கட்டு வாங்கி, காலையிலேயே சிறு பிடிகளாகப் பிரித்துச் சாக்குக்கடியில் வைத்துவிடுவேன். அந்தப் பிடிகள் தீர்ந்தால் அன்றைக்குக் கொசுறு தீர்ந்தது. கேட்பதற்கு முன் நீங்களே போட்டால் சிறிய பிடியும் பெரிதாகத் தெரியும்.

கடை போட எப்போது தயாராவேன்?

நாள் வாடகையை முதலில் கணக்கிடுங்கள். மாதம் 6,000 வாடகை என்றால் நாளுக்கு 200, மின்சாரத்தோடு 230 ஆகலாம். வெங்காயம், உருளை இரண்டில் மட்டும் உங்களுக்கு நாளுக்கு 230 ரூபாய் நிற்கிறதா என்று ஒரு மாதம் பாருங்கள். அந்த இரண்டும் அழுகாமல் இருப்பவை, கடையில் உட்கார்ந்தும் விற்கும். நிற்கிறது என்றால் போடலாம். மற்ற காயின் லாபத்தை நம்பி வாடகை பேசினால் ஒரு வார மழையில் மாட்டிக்கொள்வீர்கள்.

கடை போட்ட பிறகும் முதல் ஆறு மாதம் காலை வண்டியை நான் நிறுத்தவில்லை. ஏழிலிருந்து பத்துவரை தெரு, பிறகு கடை. வாசலில் காய் வாங்கிப் பழகியவர்கள் கடைக்கு நடந்து வருவதற்கு அத்தனை மாதம் ஆகிறது. கயிற்றில் கூடை இறக்கும் அம்மாவுக்கு இன்றும் என் மகன் கொண்டுபோய்க் கொடுக்கிறான். பொறுக்கி வைப்பது நான்தான்.